மீத்தேன் நீராவிச் சீர்திருத்தமும் ஷிஃப்ட் வினையும்: கணக்குடன் முழு விடை

வினா: கந்தகம் நீக்கிய மீத்தேன் மணிக்கு 100 கிலோமோல், நீராவி 300 கிலோமோல் (நீராவி–கார்பன் விகிதம் S/C = 3) சேர்ந்து ரிஃபார்மர் குழாய்களுக்குள் போகின்றன. வெளியேறும் இடத்தில் 850 °C, 25 பார். அதன் பின் உயர்வெப்ப ஷிஃப்ட், தாழ்வெப்ப ஷிஃப்ட், கடைசியில் அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் PSA. ஒவ்வொரு கட்டத்திலும் வாயுக் கலவை என்ன? இயக்க நிலைகள் ஏன் இப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன? எங்கே பழுதாகும்?

விடை:

இரண்டு வினைகளையும் முதலில் எழுதிக்கொள்வோம்.

```
CH4 + H2O ⇌ CO + 3H2     ΔH(298 K) = +206 kJ/mol
CO + H2O ⇌ CO2 + H2      ΔH(298 K) = −41 kJ/mol
```

முதலாவது வெப்பம் கொள்ளும் சீர்திருத்த வினை, இரண்டாவது வெப்பம் உமிழும் ஷிஃப்ட் வினை. ஒன்றுக்கு 850 டிகிரி வேண்டும், மற்றதற்கு 200 டிகிரி போதும். ஒரே பாத்திரத்தில் இரண்டையும் முடிக்க முடியாமல் தனித்தனி ரியாக்டர்கள் வைப்பது இதனால்தான். ஆனால் ரிஃபார்மர் குழாய்க்குள்ளும் ஷிஃப்ட் வினை நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முதல் சமன்பாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறும். தேர்வுத்தாள்களில் அதிகம் காணப்படும் பிழை இது.

ரிஃபார்மர் கணக்கு

வினைபுரிந்த மீத்தேன் x, உருவான CO2 y என்க. வெளியேறும் அளவுகள் இவை:

```
CH4 = 100 − x     H2O = 300 − x − y
CO  = x − y       CO2 = y
H2  = 3x + y      மொத்தம் = 400 + 2x

K1 = exp(30.114 − 26830/T)   [bar²]
K2 = exp(4400/T − 4.036)
```

ஸூ, ஃப்ரொமென்ட் இருவரும் 1989-இல் வெளியிட்ட நிக்கல் வினையூக்கி ஆய்வில் உள்ள சமநிலை மாறிலிக் கோவைகள் இவை, T கெல்வினில். 1123 K-இல் K1 ஏறத்தாழ 505, K2 0.889. மோல் பின்னங்களை 25 பாரால் பெருக்கிப் பகுதியழுத்தங்களாக்கி இரு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். x-க்கு ஓர் ஊகம் வைத்து, ஷிஃப்ட் சமன்பாட்டிலிருந்து y-ஐ எடுத்து, K1 சரிபார்ப்பதே எளிது. x = 78 என்றால் K1 422 வருகிறது, x = 80 என்றால் 515. ஆக x = 79.8, y = 30.7.

வெளியேறும் வாயு, மணிக்குக் கிலோமோலில்: CH4 20.2, H2O 189.5, CO 49.1, CO2 30.7, H2 270.1. நீராவியைக் கழித்தால் உலர் வாயு 370. அதில் ஹைட்ரஜன் 73.0%, CO 13.3%, CO2 8.3%, மீத்தேன் 5.5%.

நூற்றில் இருபது மீத்தேன் வினைபுரியாமல் தப்பிவிடுகிறது. இதை 'மீத்தேன் ஸ்லிப்' என்பார்கள். ஷிஃப்ட் ரியாக்டர்கள் இதைத் தொடுவதே இல்லை. இங்கே தப்பியது கடைசிவரை தப்பியதுதான். 850-க்குப் பதில் 900 °C வைத்து இதே கணக்கைப் போட்டால் x 88.7 ஆகிறது. ஐம்பது டிகிரிக்கு ஒன்பது புள்ளி லாபம். அப்படியானால் ஏன் எல்லோரும் 900-க்குப் போவதில்லை? குழாய் உலோகம் தாங்க வேண்டுமே. 25% குரோமியம், 35% நிக்கல், சிறிது நியோபியம் கலந்த உலோகக்கலவையைச் சுழற்றி வார்த்த குழாய்கள் இவை. ஒரு லட்சம் மணி நேர ஆயுளுக்கு வடிவமைக்கப்படுகின்றன. சுவர் வெப்பம் வடிவமைப்பு அளவைவிட 20 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும் என்பது உலைக்காரர்களின் கைக்கணக்கு.

அழுத்தம் பற்றி ஒரு சொல். முதல் வினையில் 2 மோல் 4 மோலாகிறது. லே சாத்தலியே விதிப்படி அழுத்தம் குறையக் குறைய நல்லது. இருந்தும் 20 முதல் 30 பாரில் ஓட்டுகிறார்கள். ஹைட்ரஜன் எப்படியும் அழுத்தத்தில்தான் வேண்டும். உருவான வாயுவை அமுக்குவதைவிட, அதில் கால் பங்குக்கும் குறைவான மோல்களே உள்ள மீத்தேனை முன்பே அமுக்குவது மலிவு. நீராவியோ கொதிகலனிலிருந்து அழுத்தத்தோடே வருகிறது. கருவிகளும் சிறியவையாகின்றன, PSA-வும் அந்த அழுத்தத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது. சமநிலையில் இழந்ததை வெப்பமும் மிகை நீராவியும் ஓரளவு ஈடுகட்டுகின்றன.

வெப்பத் தேவை: 600 டிகிரியில் நுழையும் கலவையை 850-க்கு ஏற்றவும் வினைக்கும் சேர்த்துச் சுமார் 6 மெகாவாட். உள்விட்டம் 100 மில்லிமீட்டர், சூடாகும் நீளம் 12 மீட்டர் என்றால் ஒரு குழாயின் உட்பரப்பு 3.8 சதுர மீட்டர். சராசரியாகச் சதுர மீட்டருக்கு 80 கிலோவாட் செலுத்த முடிந்தால் ஏறத்தாழ 20 குழாய்கள் வேண்டும். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது வினையூக்கியின் திறன் அல்ல, சுவர் வழியாக வெப்பம் எவ்வளவு விரைவில் உள்ளே போகிறது என்பதே. வினையூக்கித் துண்டின் வெளித்தோல்தான் வேலை செய்கிறது; உள்பகுதி பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. துளையிட்ட உருளை வடிவங்கள் அதற்காகத்தான்.

கந்தகமும் கார்பனும்

நிக்கலுக்குக் கந்தகம் நஞ்சு. நுழையும் வாயுவில் 0.1 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்காகச் சிறிது ஹைட்ரஜனைச் சேர்த்து, 350–400 டிகிரியில் கோபால்ட்-மாலிப்டினம் படுகையில் கரிமக் கந்தகத்தை H2S ஆக்கி, துத்தநாக ஆக்சைடில் பிடிக்கிறார்கள்: ZnO + H2S → ZnS + H2O. கந்தகம் கசிந்தால் முதலில் அடிபடுவது குழாயின் மேற்பகுதி. அங்கேதான் வெப்பம் குறைவு, ஒட்டும் கந்தகம் எளிதில் விடாது. அங்கே வினை நின்றால் வெப்பத்தை உறிஞ்ச ஆள் இல்லை. சுவர் சூடாகிறது, சிதையும் ஹைட்ரோகார்பன் கார்பனாகப் படிகிறது. பார்வைத் துளை வழியாகப் பார்த்தால் மங்கிய குழாயில் ஒரு வளையம் மட்டும் ஆரஞ்சாக எரிவது தெரியும். சில குழாய்களில் மட்டும் தெரிந்தால் வினையூக்கி நிரப்பியதில் கோளாறா, ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாயிலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் கந்தகத்தையோ S/C விகிதத்தையோ சந்தேகியுங்கள்.

கார்பன் வருவதற்கு இரண்டு வழி: CH4 → C + 2H2, 2CO → C + CO2. வினைக்கு 1 மோல் நீராவியே போதும் என்றாலும் 2.5 முதல் 3 வரை கொடுப்பது சமநிலையைத் தள்ளவும் கார்பனைத் தடுக்கவும்தான். படிந்த கார்பன் இளசாக இருந்தால் மீத்தேனை நிறுத்திவிட்டு நீராவி மட்டும் செலுத்தி எரிக்கலாம். நிக்கல் துகளைத் தூக்கிக்கொண்டு இழையாக வளர்ந்த கார்பன் துண்டுகளையே உடைத்துவிடும். பிறகு அழுத்த வீழ்ச்சி ஏறும், படுகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எப்போதும் நீராவி முதலில் வர வேண்டும், மீத்தேன் பின்னால். நிறுத்தும்போது மீத்தேன் முதலில் போக வேண்டும். நீராவி ஓட்டம் விழுந்தால் மீத்தேன் வால்வு தானாக மூடும்படி இன்டர்லாக் இருக்கும். அந்த இன்டர்லாக்கை பைபாஸ் செய்து ஓட்டுபவர் சில நிமிடங்களில் வினையூக்கியை இழப்பார். வெறும் நீராவியில் நெடுநேரம் கிடந்தால் நிக்கல் ஆக்சைடாகிவிடும்; மறுபடி தொடங்கும்போது ஹைட்ரஜன் கொடுத்து ஒடுக்க வேண்டும்.

உயர்வெப்ப ஷிஃப்ட்

கழிவுவெப்பக் கொதிகலனில் குளிர்ந்த வாயு 360 °C-இல் இரும்பு ஆக்சைடு–குரோமியம் ஆக்சைடு படுகைக்குள் நுழைகிறது. ஷிஃப்டில் மோல் எண்ணிக்கை மாறாததால் அழுத்தம் சமநிலையைத் தொடாது. இங்கே வினைபுரியும் CO z என்க. வெளியேறும் வெப்பம் 430 °C என ஊகித்தால் K2 = 9.22.

```
(30.7 + z)(270.1 + z) / [(49.1 − z)(189.5 − z)] = 9.22
z = 35.0
```

ஊகத்தைச் சரிபார்க்க வேண்டும். 35 கிலோமோல் வினை, கிலோமோலுக்குச் சுமார் 38 மெகாஜூல். கலவையின் வெப்பக் கொள்ளளவு 34 kJ/kmol·K. உயர்வு 70 டிகிரி. 360 + 70 = 430, ஊகம் நிற்கிறது. CO 14.1-க்கு இறங்குகிறது, உலர் வாயுவில் 3.5%.

செயல்படும் பொருள் Fe3O4. வாங்கும்போது வருவது Fe2O3. அதை வாயுவிலேயே ஒடுக்க வேண்டும். நீராவி போதாமல் போனால் ஒடுக்கம் Fe3O4-இல் நிற்காமல் இரும்பு உலோகம் வரை போகும். அது CO-வைக் கார்பனாகவும் ஹைட்ரோகார்பன்களாகவும் மாற்றத் தொடங்கும். ரிஃபார்மரில் S/C-ஐக் குறைத்து எரிபொருள் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்தப் படுகையை மறந்துவிடுகிறார்கள்.

தாழ்வெப்ப ஷிஃப்ட்

இங்கே செம்பு–துத்தநாக ஆக்சைடு–அலுமினா. 200 °C-இல் நுழைந்து 227-இல் வெளிவருகிறது; 500 K-இல் K2 = 117. அதே முறையில் z = 12.6. மீதி CO 1.5 கிலோமோல், உலர் வாயுவில் 0.36%. ஹைட்ரஜன் 317.7.

நுழைவை 200-க்கும் கீழே இறக்கினால் இன்னும் நல்லதல்லவா? இறக்கலாம், ஆனால் பனிநிலை குறுக்கே நிற்கிறது. நுழையும் வாயுவில் நீராவி 154.5/559.6, அதாவது 27.6%. 25 பாரில் அதன் பகுதியழுத்தம் 6.9 பார், நீர் 164 °C-இல் ஒடுங்கும். 200-இல் 36 டிகிரி இடைவெளி இருக்கிறது. 20 டிகிரிக்குள் போகாதீர்கள். நீர் பட்ட துண்டுகள் பொடியாகும். மேலே போனாலும் தொல்லை: 260 டிகிரிக்கு மேல் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்பை இழக்கின்றன. குளோரைடும் கந்தகமும் மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். முதல் ஒடுக்கத்தை நைட்ரஜனில் சுமார் 1% ஹைட்ரஜனோடு தொடங்கி, படுகை வெப்பம் 230-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஹைட்ரஜனைக் கூட்டியவர்கள் ஒரே இரவில் புதுப் படுகையை இழந்ததுண்டு.

PSA, கடைசி எண்

மீட்பு 88% என்றால், 317.7-இல் 279.6 கிலோமோல், மணிக்கு 564 கிலோ ஹைட்ரஜன். தாழ்வெப்ப ஷிஃப்ட் இல்லாமல் விட்டால் 305.1-இல் 268.5 கிலோமோல். வேறுபாடு 4 சதவீதம்தான். அந்த 4 சதவீதமும் வீணாவதில்லை: CO, தப்பிய மீத்தேன், மீட்காத ஹைட்ரஜன் எல்லாம் PSA-வின் எச்ச வாயுவாக உலை பர்னர்களுக்குத் திரும்புகின்றன. PSA உள்ள ஆலைகள் பல உயர்வெப்ப ஷிஃப்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். அம்மோனியா ஆலையில் நிலைமை வேறு. அங்கே மீதி CO மெத்தனேட்டரில் ஒவ்வொரு மோலுக்கும் 3 மோல் ஹைட்ரஜனைத் தின்றுவிடும் (CO + 3H2 → CH4 + H2O), ஆகவே 0.36% கூடக் கணக்கில் வரும். தாழ்வெப்பப் படுகையை அங்கே விட முடியாது.

மொத்த வினை CH4 + 2H2O → CO2 + 4H2. வேதியியலிலிருந்து மட்டுமே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 5.5 கிலோ CO2. உலையில் எரிப்பதையும் சேர்த்தால் 9 முதல் 10 கிலோ வரை. இந்த விடையில் உலை எரிபொருள் கணக்கு போடப்படவில்லை; வினாவில் கேட்கவில்லை.