அமைதியான அறை வேண்டி விடுதிக் காப்பாளருக்குக் கடிதம்

மண்டபம்,
3.3.2025

அனுப்புநர்:
இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
அறை எண் 14, மகளிர் விடுதி.

பெறுநர்:
விடுதிக் காப்பாளர் அவர்கள்.

பொருள்: வேறு அறை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் அறை ஜன்னல் படகுத்துறை ரோட்டைப் பார்த்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்களில் விடிகாலை மூன்று மணிக்கே ஐஸ் லாரி வந்துவிடுகிறது. கட்டிகளை மிஷினில் போட்டு உடைக்கும்போது கட்டிலுக்கடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியே கடகடவென்று ஆடுகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோழித் தூக்கம். ஒருமுறை விழித்தால் அவ்வளவுதான். காதில் பஞ்சு வைத்தும் பார்த்துவிட்டேன். பகலில் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அவர்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. என் அப்பாவும் படகுக்காரர்தான். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் சத்தம் தானாக அடங்கும். ஆனால் எனக்குத் தேர்வு ஏப்ரல் 7-லேயே ஆரம்பம்.

பின்கட்டில் கிணற்றடிப் பக்கம் 22-ஆம் அறையில் ஒரு கட்டில் காலியாக உள்ளது. மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றுமாம், பரவாயில்லை. அங்குள்ள அக்காமார் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். இந்த வாரமே மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மாணவி,
அறை எண் 14, ஜன்னலோரக் கட்டில்