குற்றப்பத்திரிகையிலிருந்து விடுவிக்கக் கோரி இரண்டாம் எதிரி தாக்கல் செய்யும் மனு

கோத்தகிரி நீதித்துறை நடுவர் நீதிமன்றம்
சி.சி. எண் 87/2025

மனுதாரர்: இரண்டாம் எதிரி, பிக்கப் வண்டி ஓட்டுநர்
எதிர்மனுதாரர்: அரசு, காவல் ஆய்வாளர் மூலம்

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2023, பிரிவு 262-இன் கீழ் மனு

1. முதல் எதிரி இலை ஏஜென்ட். பதினொரு சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி, ரூ.3,84,600 பாக்கி வைத்தார் என்பது வழக்கு. அவருடைய வண்டியை ஓட்டிய மனுதாரர் மீதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள் 318(4), 316(2), 3(5)-இன்படி குற்றப்பத்திரிகை தாக்கலாகியுள்ளது. நகல்கள் 3.9.2025 அன்று கிடைத்தன. மனு 60 நாளுக்குள்தான் தாக்கலாகிறது.

2. ஏமாற்றுதல் என்றால், பொருளை வாங்கும்போதே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு ஆசை வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பதினொரு விவசாயிகளின் வாக்குமூலங்களிலும் விலை பேசியவர், "பத்து நாளில் பணம்" என்று சொன்னவர், எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் எல்லாம் முதல் எதிரிதான். மனுதாரரைப் பற்றி நான்காம் சாட்சி சொல்வது இவ்வளவே: "டிரைவர் சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டார், போய்விட்டார்." மற்ற பத்துப் பேர் அதுவும் சொல்லவில்லை.

3. நம்பிக்கை மோசடி எப்படிப் பொருந்தும்? ஏற்றிய இலை வழியில் எங்கும் காணாமல் போகவில்லை. அரசுத் தரப்பே இணைத்துள்ள தொழிற்சாலை வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு லோடும் அதே நாளில், அதே எடையில் இறங்கியிருக்கிறது.

4. மனுதாரருக்குப் பங்கு கொடுத்ததாகச் சொல்லும் ரூ.2,400 வேறொன்றுமில்லை, நாள் ஒன்றுக்கு ரூ.800 வீதம் மூன்று நாள் கூலி. அதே தேதியில் அதே போனிலிருந்து தனக்கும் கூலி வந்ததாக, சுமை ஏற்றிய ஒன்பதாம் சாட்சி சொல்கிறார். அவர் சாட்சி, இவர் எதிரி. இந்த வேறுபாட்டுக்குக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூடக் காரணம் இல்லை.

5. அப்புறம் மிஞ்சுவது, முதல் எதிரி காவல்துறையிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம். பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 23(1)-இன்படி அதைக் கொடுத்தவர் மீதே பயன்படுத்த முடியாது. மனுதாரர் மீது எப்படிப் பயன்படுத்துவது? பொதுவான உள்நோக்கத்துக்கு, வண்டி ஓட்டியதைத் தவிர ஒரு செயலும் காட்டப்படவில்லை.

6. மனுதாரர் தன் தரப்பு ஆவணம் எதையும் இங்கே காட்டவில்லை. அரசுத் தரப்பு வைத்த காகிதங்களை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் குற்றம் அமையவில்லை என்பதே வாதம். இந்த நிலையில் சாட்சியங்களை அலசி எடைபோட வேண்டியதில்லை. ஆனால் முகாந்திரம் உண்டா என்று சலித்துப் பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று யூனியன் ஆஃப் இந்தியா எதிர் பிரஃபுல்ல குமார் சமல் (1979) வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

7. மனுதாரர் தினக்கூலி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

ஆகவே, மனுதாரர் மீதான குற்றச்சாட்டு ஆதாரமற்றது எனக் கண்டு, காரணங்களைப் பதிவு செய்து, பிரிவு 262(2)-இன்படி அவரை இவ்வழக்கிலிருந்து விடுவித்து உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

கோத்தகிரி
9.10.2025
மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்