ஆரையம்பதி வீட்டு வேலை: எட்டு வாரக் கூலிக் கணக்கு

வேலை: தங்கச்சியின் வீடு, 950 சதுர அடி. யன்னல் மட்டம்வரை சுவர் முடிந்துள்ளது.
காலம்: 2026 ஒக்டோபர் 5 திங்கள் முதல் நவம்பர் 28 சனி வரை.
யாருக்கு: கட்டாரில் உள்ள தம்பிக்கு. ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கும்.

தம்பி, இது கூலிக்கு மட்டுமான கணக்கு. சீமெந்து, மணல், மரம், கலவை மெசின் வாடகை எதுவும் இதில் இல்லை. அவற்றைத் தனியாக அனுப்புகிறேன். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் எந்தப் பணம் எங்கே போனது என்று கடைசியில் எனக்கே தெரியாமல் போகும்.

தையில் கலியாணம் என்பதால் எல்லாவற்றையும் ஒரு விடயத்தைச் சுற்றியே போட்டிருக்கிறேன்: நவம்பர் முதல் வாரம் முடிவதற்குள் கூரை மேலே ஏற வேண்டும். வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் நம் பக்கத்தில் வெளிவேலை நம்பிச் செய்ய முடியாது. கூரை போட்டாகிவிட்டால் மழை பெய்யப் பெய்ய உள்பூச்சுப் பூசலாம். வெளிப்பூச்சை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது மழை விட்ட பிறகுதான். இப்போது பூசினால் காயாமல் கரைந்து வழியும், கூலி இரண்டு முறை போகும்.

நாள் கூலி

மேசன் பாஸ் 4,500 ரூபாய், இரண்டாவது மேசன் 4,000, ஓடாவி 4,500, கம்பி கட்டுபவர் 4,000, கையாள் 3,000. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளைத் தேத்தண்ணியும் கடியும் 200 ரூபாய். பகல் சாப்பாடு அவரவருடையது. லிண்டல் கொங்கிறீற் போடும் அன்று மட்டும் பத்துப் பேருக்கும் நாங்கள் கொடுக்க வேண்டும், அது 5,000. என் மேற்பார்வைக்கு வாரம் 12,000. மழையால் வேலை நின்ற வாரத்துக்கும் அதே தொகைதான், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்.

வாராவாரம் தேவைப்படும் பணம்

| வாரம் | வேலை | ஆள்நாள் | கூலி | தேத்தண்ணி, சாப்பாடு | மேற்பார்வை | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| 1 (ஒக். 5–10) | லிண்டல் மட்டம்வரை சுவர் | 30 | 105,000 | 6,000 | 12,000 | 123,000 |
| 2 (ஒக். 12–17) | பலகை, கம்பி, லிண்டல் கொங்கிறீற் | 40 | 142,500 | 13,000 | 12,000 | 167,500 |
| 3 (ஒக். 19–24) | லிண்டலுக்கு மேல் சுவர், முகட்டுச் சுவர் | 30 | 105,000 | 6,000 | 12,000 | 123,000 |
| 4 (ஒக். 26–31) | கூரை மரவேலை | 26 | 99,000 | 5,200 | 12,000 | 116,200 |
| 5 (நவ. 2–7) | ஓடு போடுதல், உள்பூச்சுத் தொடக்கம் | 26 | 97,500 | 5,200 | 12,000 | 114,700 |
| 6 (நவ. 9–14) | உள்பூச்சு | 20 | 72,500 | 4,000 | 12,000 | 88,500 |
| 7 (நவ. 16–21) | உள்பூச்சு | 24 | 87,000 | 4,800 | 12,000 | 103,800 |
| 8 (நவ. 23–28) | மிச்சப் பூச்சு, நிலக் கொங்கிறீற் | 30 | 105,000 | 6,000 | 12,000 | 123,000 |
| கூட்டு | | 226 | 813,500 | 50,200 | 96,000 | 959,700 |

மழைக் காசு தனியாக 57,250. எல்லாம் சேர்த்து 1,016,950 ரூபாய்.

ஏன் இந்த ஆள்கணக்கு

போன முறை பேசும்போது உங்கள் மாமா, "மேசனைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும்தானே" என்று கேட்டார். முடியாது. நம் ஒழுங்கைக்குள் லொறி வராது. கல்லும் மணலும் முகப்பில் இறங்கி, அங்கிருந்து கையால் வர வேண்டும். மேசனுக்குக் கல்லும் குழையலும் வந்து சேராவிட்டால் அவர் கரண்டியை வைத்துக்கொண்டு நிற்பார், அல்லது தானே போய்க் கல்லைத் தூக்குவார். 3,000 ரூபாய் வேலையை 4,500 ரூபாய்க்குச் செய்வது அது. அதனால் சுவர் கட்டும் வாரங்களில் இரண்டு மேசனுக்கு மூன்று கையாள்: ஒருவர் குழைக்க, ஒருவர் சுமக்க, ஒருவர் சாரத்துக்கு ஏற்றிக் கொடுக்க. ஒரு மேசன் ஒரு நாளைக்கு 110 கல் கட்டுவார் என்று எடுத்திருக்கிறேன். ஆறு நாளில் இருவரும் 1,320. எனக்கு வேண்டியது 1,300 அளவில்தான். கூடக் கட்டக்கூடியவர்கள்தான், ஆனால் அந்த வேகத்தில் தூக்குக் குண்டு பார்க்க மறந்துவிடுவார்கள்.

பூச்சுக்கு வந்தால் இரண்டு மேசனுக்கு இரண்டு கையாள் போதும். மூன்றாவது ஆள் நின்றால் தேத்தண்ணிதான் செலவு. கடைசி வாரத்தில் நிலக் கொங்கிறீற் வருவதால் மூன்றாமவர் திரும்புவார்.

இரண்டாம் வாரத்தில் தொகை ஏறுவதற்குக் காரணம், ஓடாவி மூன்று நாள் பலகை அடிக்கிறார், கம்பி கட்டுபவர் மூன்று நாள், கொங்கிறீற் அன்று நான்கு கையாள் கூடுதலாக. கொங்கிறீற்றை வியாழக்கிழமை வைத்திருக்கிறேன். அன்று வானம் கறுத்தால் வெள்ளியும் சனியும் கையில் இருக்கும். தாங்குபலகையைக் கழற்றாமலே திங்களன்று மேலே சுவர் தொடங்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மூன்று கையாட்களில் இரண்டு பேர் படுவான்கரைப் பக்கம், மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள். இருவருக்கும் சொந்தக் காணி இருக்கிறது. நிலம் நனைந்ததும் பெரும்போக விதைப்பு என்று போய்விடுவார்கள். யாரும் தடுக்க முடியாது, தடுப்பதும் நியாயமில்லை. அதனால்தான் 4, 5ஆம் வாரங்களில் இரண்டே கையாளாகப் போட்டிருக்கிறேன். இருவரும் முறை வைத்து, ஒருவர் வயலில் நிற்கும்போது மற்றவர் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இடத்துக்கு ஊரில் உள்ள ஆள்.

கூரை ஓடாவிகள் இருவரும் காத்தான்குடி. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஜும்மாவுக்குப் போய் இரண்டு மணிக்கு வருவார்கள். அன்று காலை 7 மணிக்குத் தொடங்கி, மாலை ஐந்தரை வரை நின்று ஈடுசெய்வார்கள். அதற்குக் கூலி வெட்டுவதில்லை.

மழைக் காசு

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பிறகு சண்டை வருவதெல்லாம் இதில்தான்.

விடியவே மழை கொட்டினால் செலவு பெரிதல்ல. யாரும் வரமாட்டார்கள், கூலியும் இல்லை, வேலைதான் ஒரு நாள் பின்னால் போகும். வந்து சேர்ந்த பிறகு 9 மணிக்குள் வேலை தொடங்க முடியாமல் போனால் வந்த ஆளுக்கு 500 ரூபாய். வேலை தொடங்கி, 12 மணிக்கு முன் மழையால் நின்றால் அரைநாள் கூலி. 2 மணிக்குப் பிறகு நின்றால் முழுக்கூலி. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் நின்றால் முக்கால்நாள். இதை மேசன் பாஸ் முன்னால் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், சம்மதம்.

நம்மைக் கடிப்பது பத்து மணி மழை. குழைத்த சாந்து வீணாகும், கட்டிய வரிசையை மூட வேண்டும், அரைநாள் கூலியும் கொடுக்க வேண்டும். மேசன் இருவரும் கையாள் மூவரும் நிற்கும் ஒரு நாளின் கூலி 17,500. அரைநாள் 8,750. கூரை ஏறும் முன் இப்படி மூன்று நாள் வரும் என்று எடுத்து 26,250. வந்து திரும்பும் நாள் இரண்டு, ஐந்து பேருக்கு 5,000. உள்பூச்சுக் காலத்தில் அதேபோல நான்கு நாள், நான்கு பேருக்கு 8,000. தண்ணீர் இறைக்க, மணலை மூட, வாய்க்கால் வெட்ட ஆறு கையாள் நாள், 18,000. இதுதான் 57,250.

நனைந்த கூரை மரத்தில் யாரும் ஏறக் கூடாது. ஓடாவியே "பரவாயில்லை, ஏறுகிறேன்" என்றாலும் நான் விடமாட்டேன். அந்த நாளும் 500 ரூபாய்க் கணக்கில் போகும்.

மழைக் காசை என்னிடம் தர வேண்டாம். முதல் வாரப் பணத்தோடு அனுப்பி அம்மாவிடம் வையுங்கள். மழை நாள் வந்தால் நான் கொப்பியில் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, அந்த அளவை மட்டும் எடுப்பேன். மழையால் வேலை நடக்காத நாளின் வழக்கமான கூலி அந்த வாரப் பணத்தில் மிஞ்சும். அதைத் தொட மாட்டேன். அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோய், நீங்கள் அனுப்ப வேண்டியதில் கழிப்பேன். வேலை எட்டு வாரத்தைத் தாண்டி ஒன்பதாவது வாரத்துக்குப் போனாலும் இந்த மிச்சம் அங்கே உதவும். அப்போது கூடுவது என் 12,000 மட்டும்தான்.

சம்பள நாளும் முற்பணமும்

சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு, அம்மாவின் முன்னால், கையில் காசாக. பணம் வியாழனுக்குள் அம்மாவின் கணக்குக்கு வர வேண்டும். வெள்ளி எடுத்தால்தான் சில்லறையாக மாற்றலாம். ஐயாயிரம் நோட்டாக மட்டும் எடுத்து வந்தால் 500 ரூபாய்க் கணக்குத் தீர்க்க ஊரெல்லாம் கடை கடையாக ஓட வேண்டியிருக்கும்.

வரவுக் கொப்பியில் முழுநாளுக்கு 1, முக்காலுக்கு ¾, அரைக்கு ½, மழையில் திரும்பினால் "ம". ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆளே பார்த்துக் கையெழுத்து வைப்பார். சனியன்று ஞாபகத்தில் இருந்து எழுதிய கணக்கால் ஒரு முறை நல்ல மேசன் ஒருவரை இழந்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது.

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்கள் 9ஆம் திகதி வேலை இல்லை, அதனால்தான் 6ஆம் வாரம் ஐந்து நாள். தொடர்ந்து நிற்கும் மேசன் இருவருக்கும் கையாள் இருவருக்கும் ஆளுக்கு 10,000 முற்பணம், வியாழன் 5ஆம் திகதி. அந்த வாரம் மட்டும் பணம் புதன்கிழமைக்குள் வேண்டும். கழிப்பது 6ஆம் வாரம் 2,500, 7, 8ஆம் வாரங்களில் 3,750 வீதம். எனவே 5ஆம் வாரம் நீங்கள் அனுப்ப வேண்டியது 154,700, அடுத்து 78,500, 88,800, 108,000. மொத்தம் மாறாது. வேறு முற்பணம் யார் கேட்டாலும், அம்மாவிடம் நேரே போய்க் கேட்டாலும், இல்லை என்பதுதான் பதில். அம்மாவுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது, அதனால் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

முதல் அனுப்பல் ஒக்டோபர் 8 வியாழனுக்குள்: 123,000, மழைக் காசு 57,250, ஆக 180,250 ரூபாய்.

மேற்பார்வையாளர், ஆரையம்பதி
2026 செப்டெம்பர் 28