தரம் 9 சமய பாடக் கூட்டு அலகு: நான்கு சமயங்களின் பண்டிகைகள்

பாடசாலை: மன்னார் மாவட்டத் தமிழ்மொழிமூலப் பாடசாலை
மாணவர்: 36 பேர் (சைவம் 15, கத்தோலிக்கம் 13, இஸ்லாம் 8)
பாடவேளைகள்: 6, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வாரத்துக்கு 2
பொறுப்பு: சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் ஆசிரியர் மூவரும் சேர்ந்து
இடம்: பிரதான மண்டபம். கதிரைகளை முதல் நாள் மாலையே ஆறு வட்டங்களாகப் போட்டு வைக்க வேண்டும்.

சமய பாடவேளையில் மாணவர் தத்தம் வகுப்பறைக்குப் பிரிந்து போவதே வழக்கம். இந்த மூன்று வாரமும் பிரியாமல் மண்டபத்துக்கு வருவார்கள். வந்து அமர 7 நிமிடமாவது போகும். அதனால் கீழேயுள்ள நேரக்கணக்கு எல்லாம் 33 நிமிடத்துக்கே. 40 நிமிடத்துக்குத் திட்டமிட்டால் முடிவுப் பகுதிதான் பறிபோகும்; அலகின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

எதிர்பார்க்கும் கற்றல் பேறுகள்

மாணவர் அலகின் முடிவில்,
- ஒரு பண்டிகை ஆண்டுதோறும் ஏன் நாள் மாறுகிறது, அல்லது ஏன் மாறுவதில்லை என்பதைக் கணக்குடன் விளக்குவர்.
- விரதம், நோன்பு, ஒருசந்தி, சில் என்பவற்றில் எது எப்போது, எதைத் தவிர்த்து, எதற்காக என்று வேறுபடுத்துவர்.
- தமக்குரியதல்லாத ஒரு பண்டிகையை, அந்தச் சமயத்தவர் வாசித்தால் "ஆம், இதுதான் எங்களுடையது" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதுவர்.

மூன்றாவதுதான் கடினம். "எல்லாப் பண்டிகையும் அன்பைத்தான் சொல்கின்றன" என்ற வரி எந்த விடைத்தாளில் வந்தாலும் புள்ளி கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடவும். அந்த வரிக்கு ஒரு பண்டிகையும் படிக்கத் தேவையில்லை.

தேவையான பொருட்கள்

2021, 2022, 2023 ஆண்டு நாட்காட்டிகளின் நிழற்பிரதி குழுவுக்கு ஒரு தொகுதி வீதம் 6 (போயா தினங்கள் குறித்தவை). 2023 புரட்டாதி, ஐப்பசிக்குரிய பஞ்சாங்கப் பக்கங்கள் 6 தொகுதி. டிமை தாள் 12. மார்க்கர் பேனை நான்கு நிறங்களில் 6 தொகுதி. சிறு அட்டை 40. படங்காட்டி வேண்டாம். மின்சாரம் நின்றால் பாடமும் நின்றுவிடும்.

குழு அமைப்பு: ஆறு பேர் வீதம் ஆறு குழுக்கள். இஸ்லாமிய மாணவர் எட்டுப் பேரை ஆறு குழுவுக்கும் பங்கிட்டால் நான்கு குழுக்களில் ஒருவர் மட்டுமே இருப்பார். எல்லாக் கேள்வியும் அவர் தலையில் விழும். ஆகவே இரண்டிரண்டு பேராக நான்கு குழுக்களில் வைக்கவும். மற்ற இரண்டு குழுக்களுக்கும் இஸ்லாம் ஆசிரியர் நேரே போய் அமர்வார். பௌத்த மாணவர் வகுப்பில் இல்லை. வெசாக் பகுதியைப் பாடநூல் துணையோடு நடத்துகிறோம் என்பதை மாணவருக்கு மறைக்காமல் சொல்லவும்.

பாடவேளை 1: நாள் ஏன் நகர்கிறது?

ஈடுபடல் (5 நிமிடம்). கரும்பலகையில் இந்த அட்டவணையை மட்டும் எழுதி, ஒன்றும் சொல்லாமல் நிற்கவும்.

| | 2021 | 2022 | 2023 |
|---|---|---|---|
| தைப்பொங்கல் | ஜன. 14 | ஜன. 14 | ஜன. 15 |
| உயிர்த்த ஞாயிறு | ஏப். 4 | ஏப். 17 | ஏப். 9 |
| நோன்புப் பெருநாள் | மே 14 | மே 3 | ஏப். 22 |
| வெசாக் | மே 26 | மே 15 | மே 5 |
| தீபாவளி | நவ. 4 | ஒக். 24 | நவ. 12 |
| நத்தார் | டிச. 25 | டிச. 25 | டிச. 25 |

கேள்வி ஒன்றே: "ஒவ்வொரு வரிசையும் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை நாள்?"

கண்டறிதல் (18 நிமிடம்). குழுக்கள் வித்தியாசத்தைக் கணக்கிடும். நோன்புப் பெருநாள் 11, 11 என்று பின்னோக்கி வரும். வெசாக் 11, 10. தீபாவளி முதலில் 11 நாள் பின்னே போய், அடுத்த ஆண்டு 19 நாள் முன்னே பாயும். இந்தப் பாய்ச்சலைக் கண்டதும் வழக்கமாக "அட்டவணையில் பிழை" என்று கை உயரும். பிழையில்லை என்று மட்டும் சொல்லி விட்டுவிடவும்.

விளக்கல் (10 நிமிடம்). ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறத்தாழ 29.5 நாள். 29.5 × 12 = 354. ஆண்டுக்கு 365. மிச்சம் 11. பெருக்கலை மாணவரே செய்யட்டும். 11 தானாக வந்து விழும்போது மண்டபத்தில் ஒரு சத்தம் எழும், அதற்கு இடம் கொடுக்கவும். பொங்கல் சூரியனின் மகர ராசிப் பிரவேசத்தைப் பின்பற்றுவதால் ஒரு நாளுக்கு மேல் அசைவதில்லை என்பதை ஒரு வரியில் முடிக்கலாம்.

வீட்டுவேலை: 2024 வெசாக் எப்போது வந்திருக்கும் என்று ஊகித்து எழுதி வரவும்.

பாடவேளை 2: பாய்ச்சலுக்குக் காரணம்

பெரும்பாலோர் ஏப்ரல் 24 என்று எழுதி வருவர். உண்மையில் 2024 வெசாக் மே 23. ஏன்?

2023 நாட்காட்டியில் போயா தினங்களை எண்ணச் சொல்லவும். 2021இல் 12, 2022இல் 12, 2023இல் 13. யூலை 3ஆந் திகதிப் போயாவின் பெயர் அதி எசல, அதாவது கூடுதலாகச் சேர்த்த மாதம். சந்திர மாதங்கள் பருவத்தை விட்டு விலகிப் போகாமலிருக்க ஏறத்தாழ 32, 33 மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு மாதம் சேர்கிறது. தீபாவளிக்கு வேறொரு வழி. பஞ்சாங்கப் பக்கத்தை விரித்து, 2023 ஒக்டோபர் 14 அமாவாசையில் விரல் வைக்கச் சொல்லவும். அது எந்த மாதம்? புரட்டாதி. ஐப்பசி பிறக்கச் சில நாள் இருக்கிறது. தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசிக்கு உரியது. ஆகவே அடுத்த சுற்றுக்குப் போனது, நவம்பர் 12.

நோன்புப் பெருநாள் மட்டும் ஏன் பாயவில்லை? இங்கே இஸ்லாம் ஆசிரியர் பேசுவார் (5 நிமிடம்). கூடுதல் மாதம் சேர்ப்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. ஸூரா அத்தௌபா 36, 37ஆம் வசனங்களே ஆதாரம். அதனால் ரமழான் எல்லாப் பருவத்தையும் சுற்றி ஏறத்தாழ 33 ஆண்டில் பழைய இடத்துக்கு வரும். பிறை காணும் வழக்கத்தையும் அவரே சொல்வார். "முதல் நாளிரவுவரை பெருநாள் நாளையா மறுநாளா என்று தெரியாதாமே?" என்று சிரிப்போடு ஒரு கேள்வி வரலாம். கேலியாக எடுக்காமல், பிறை பார்க்கக் காத்திருப்பதும் அந்தப் பெருநாளின் பகுதி என்றே விளக்கவும்.

உயிர்த்த ஞாயிறு: மார்ச் 21 அன்றோ அதன் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமியைக் கண்டுபிடிக்க மாணவர் போயா நாட்காட்டியையே எடுக்கட்டும். 2022 ஏப்ரல் 16 சனி போயா, மறுநாள் உயிர்ப்புப் பெருவிழா. 2023 ஏப்ரல் 5 புதன் போயா, ஏப்ரல் 9 பெருவிழா. 2021இல் மார்ச் 28ஆந் திகதிப் போயாவே ஞாயிற்றுக்கிழமை. இங்கே பாதிக் குழுக்கள் மார்ச் 28 என்று எழுதும். "பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு" என்ற சொல்லைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் தாமே திருத்திவிடுவர்.

*ஆசிரியர் கவனத்துக்கு:* உயிர்த்த ஞாயிறு என்றதும் 2019 ஏப்ரல் 21 பேச்சில் வரும். வராது என்று நம்பிக்கொண்டு வர வேண்டாம். வந்தால் கத்தோலிக்க ஆசிரியர் எழுந்து இவ்வளவும் சொல்வார்: அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்தது, வழிபாட்டுக்குப் போனவர்கள் இறந்தார்கள், அதைச் செய்தவர்களுக்காக இந்த மண்டபத்திலுள்ள ஒரு பிள்ளையும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேச்சை அடக்கினால் அது இடைவேளையில் முற்றத்தில் தொடரும், அங்கே ஆசிரியர் இருக்கமாட்டார்.

பாடவேளை 3: விரதமா, நோன்பா, ஒருசந்தியா?

நான்கு அட்டைத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் பத்து அட்டை. "தண்ணீரும் இல்லை", "நண்பகலுக்குப் பின் உணவில்லை", "இரவு முழுதும் விழிப்பு", "வெள்ளியில் இறைச்சி இல்லை" என்பன போன்ற குறிப்புகள். குழுக்கள் அவற்றைச் சமயவாரியாக அடுக்கும் (12 நிமிடம்). மற்ற இரண்டு குழுக்களும் சரிபார்ப்புக் குழுக்கள்.

சரிபார்ப்புக்கு:
- ரமழான்: வைகறை முதல் சூரியன் மறையும்வரை உணவும் நீரும் இல்லை. நோயாளி, பயணி ஆகியோருக்குச் சலுகை உண்டு.
- சிவராத்திரி: மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி, உபவாசம், கண்விழிப்பு, நான்கு யாமப் பூசை. திருக்கேதீச்சரத்தில் அடியார் பாலாவி நீரைத் தாமே எடுத்துச் சிவலிங்கத்துக்கு வார்ப்பதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர்.
- தவக்காலம்: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். ஒருசந்தி 18 முதல் 59 வயதினருக்கே கடமை. இறைச்சி தவிர்த்தல் 14 வயதிலிருந்து. வகுப்பில் பெரும்பாலோர் 14ஐ எட்டும் வயது என்பதால் இது அவர்களைத் தொடும்.
- போயா நாளில் சில் எடுப்போர் எட்டுச் சீலங்களைக் காப்பர். நண்பகலுக்குப் பின் மறுநாள் விடியும்வரை உணவு உண்ணார்.

அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. "எது கடுமையானது?" என்ற போட்டி கிளம்பும், உடனே "எதற்காக?" என்ற நிரலைக் கரும்பலகையில் திறந்து கேள்வியைத் திருப்பவும். மற்றது, "நீ நோன்பு பிடித்தாயா?" என்று ஒரு மாணவியைப் பொதுவில் கேட்பது. நோன்பிலிருந்து விலக்குள்ள நாட்கள் பெண்பிள்ளைகளுக்கு உண்டு. மாணவரின் சொந்த அனுட்டானத்தை எவரும் கேட்கலாகாது என்பது இந்த அலகு முழுவதற்குமான விதி.

பாடவேளை 4: கொடுத்தல்

ஸகாதுல் பித்ர் (பெருநாள் தொழுகைக்கு முன்னரே, பிரதான உணவுத் தானியமாக), வெசாக் தன்சல், ஆலய அன்னதானம், தவக்காலக் காணிக்கை. யார் கொடுக்கிறார், யாருக்கு, எப்போது என்ற மூன்று நிரல் போதும். பித்ரா தொழுகைக்கு முன் ஏன் என்பதை மட்டும் ஆழமாகக் கேட்கவும்: அன்று ஏழை வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

உணவு கொண்டுவரச் சொல்ல வேண்டாம். ஹலால், சைவ உணவு, விரத நாள் மூன்றும் ஒரே மேசையில் மோதும். ஒரு பிள்ளையாவது ஓரமாய் நிற்கும். பூசை, தொழுகை, திருப்பலி எதையும் நடித்துக் காட்டவும் வேண்டாம்.

பாடவேளை 5, 6: எழுதுதலும் கணிப்பீடும்

ஒவ்வொருவரும் தம்முடையதல்லாத ஒரு பண்டிகை பற்றி 150 சொல் எழுதுவர் (பாடவேளை 5). அடுத்ததில், அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் பென்சிலால் குறிப்பெழுதித் திருப்புவார். எழுதியவர் திருத்தி ஒப்படைப்பார். வெசாக் கட்டுரைகளை ஆசிரியரே பார்ப்பார்.

புள்ளி 20: நாள் குறிக்கும் முறை 5, நினைவுகூரும் நிகழ்வு அல்லது காரணம் 4, செய்வனவும் தவிர்ப்பனவும் 5, அச்சமயத்தவரின் சொற்களைச் சரியாகப் பயன்படுத்தல் 3, குறிப்பை ஏற்றுத் திருத்தியமை 3. "அவர்கள் கடவுள்", "அவர்கள் பொங்கல்" போன்ற ஒதுக்கும் தொனிக்குப் புள்ளி குறைக்காமல், வட்டமிட்டு நேரில் பேசவும்.

பெற்றோருக்கு அலகு தொடங்க ஒரு வாரம் முன் அனுப்பும் கடிதத்தில் இரண்டு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்: "இப்பாடங்களில் எந்த வழிபாடும் நடத்தப்படாது. தங்கள் பிள்ளையின் வழமையான சமய பாடம் நான்காம் வாரத்திலிருந்து மீண்டும் தொடரும்."