பத்து நிமிட முதலீட்டு உரை: முதுகுளத்தூர், கடலாடி வட்டாரங்களில் மாலைநேரத் தொலைமருத்துவ மையங்கள்

(படம் 1: கரிமூட்டம். பேச்சைத் தொடங்கிய பிறகே திரையில் வரட்டும்.)

வணக்கம்.

கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் ஓர் அம்மா. வயது 52, எட்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு நாள் மூட்டம் பிரிக்கும்போது கங்கை மிதித்துவிட்டார். வலிக்கவில்லை. வலிக்காததால் அது அவருக்குக் காயமாகவே படவில்லை. மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனார். நான்காம் நாள் கடையில் இரண்டு மாத்திரை வாங்கினார். ராமநாதபுரம் போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு தனி. துணைக்கு வரும் மகளின் கூலியும் போகும்.

ஒன்பதாம் நாள் மாலை ஏழு மணிக்கு எங்கள் மையத்துக்கு வந்தார். காய்ச்சல் என்றுதான் சொன்னார், காலைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் செவிலியர் சர்க்கரை அளவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னார். காலைக் கழுவி, கேமராவைப் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். மதுரையிலிருந்த மருத்துவர், “சுண்டுவிரலுக்குக் கீழே அழுத்துங்கள், சிவப்பு எதுவரை போகிறது என்று பேனாவால் கோடு போடுங்கள்” என்றார். கோடு கணுக்கால் வரை வந்தது. அன்றிரவே 108-இல் அனுப்பினோம். ஒரு விரல் போனது, பாதம் தப்பியது.

இந்தக் கதையில் வீடியோ அழைப்பு சின்ன விஷயம். அது எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அந்த அம்மாவின் மகளிடமும் இருந்தது. காப்பாற்றியது, செருப்பைக் கழற்றச் சொன்ன செவிலியர். இன்று உங்களிடம் நான் செயலி விற்க வரவில்லை. நோயாளியின் பக்கத்தில் ஒரு செவிலியர், அடுத்த மேசையில் ஒரு மருந்தாளுநர், எதிரே திரையில் ஒரு மருத்துவர் என மாலை நான்கு முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் ஓர் அறைக்காகப் பணம் கேட்கிறேன்.

(படம் 2: மையத்தின் உட்புறம்)

அரசின் ‘இ-சஞ்சீவனி’யில் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது, ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அப்படியிருக்க உங்களிடம் நூறு ரூபாய் கொடுத்து யார் வருவார்கள் என்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்கள் அவற்றோடு போட்டி போடவில்லை. வீட்டுக்கு மாத்திரை வருபவரை அதையே தொடரச் சொல்கிறோம். அறுவை சிகிச்சை தேவைப்படுபவரை அரசு மருத்துவமனைக்கே அனுப்புகிறோம். எங்களிடம் வருகிறவர் பகலெல்லாம் கரிமூட்டத்திலோ மிளகாய்க் காட்டிலோ நின்றுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு வருகிறவர். அவருக்கு நூறு ரூபாய் பெரிய தொகைதான். ஆனால், பகலில் போனால் இழக்கும் கூலியை விடக் குறைவு.

இந்த முறை மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. கிராமத்துப் பார்வை மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பரிசோதிக்க, தலைமை மருத்துவமனையிலிருந்து மருத்துவர் திரையில் பார்க்கும் ஏற்பாட்டை அரவிந்த் கண் மருத்துவமனை பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. கண்ணுக்குச் செய்ததைக் காய்ச்சல், சர்க்கரை, கொதிப்பு, தோல், கர்ப்ப காலக் கண்காணிப்பு ஆகியவற்றுக்குச் செய்கிறோம். நெஞ்சுவலி, விஷக்கடி, விபத்து வந்தால் முதலுதவி, 108, அவ்வளவுதான். அதற்கு மேல் கை வைக்க மாட்டோம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, பதிவு பெற்ற மருத்துவர்கள் மட்டுமே மருந்து எழுதுகிறார்கள். போதை மருந்துகளையும் எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் திரை வழியாக எழுத அனுமதி இல்லை, நாங்கள் இருப்பிலும் வைப்பதில்லை. மருந்துக் கடை உரிமமும் மருத்துவ நிலையப் பதிவும் மூன்று மையங்களுக்கும் கையில் இருக்கின்றன. ஆவணங்கள் உங்கள் கோப்பில் உள்ளன.

(படம் 3: ஒரு மையத்தின் மாதக் கணக்கு. இங்கே அவசரப்பட வேண்டாம்.)

இப்போது பணம். நோயாளி ஒருவர் வந்தால் கட்டணம் 100 ரூபாய். அதில் 40 மருத்துவருக்கு. மருந்து விற்பனையிலும் பரிசோதனையிலும் சேர்த்துச் சராசரியாக 58 ரூபாய் 50 காசு நிற்கிறது. ஆக, ஒரு வருகைக்கு எங்களிடம் மிஞ்சுவது 118 ரூபாய் 50 காசு. சம்பளம், வாடகை, மின்சாரம், இணையம் எல்லாம் சேர்த்து மையத்தின் நிலையான மாதச் செலவு 64,000. மாதம் 25 நாள் என்று வைத்தால், நாளுக்கு 22 பேர் வந்தால் கையைக் கடிக்காது.

முதல் மையத்துக்கு இப்போது நாளுக்கு 35 பேர் வருகிறார்கள். மாதம் ஏறத்தாழ 39,700 ரூபாய் மிச்சம். இரண்டாவதில் 26 பேர், மிச்சம் 13,000. மூன்றாவதில் 18 பேர்தான், மாதம் 10,700 ரூபாய் நட்டம். அந்த ஊரில் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள். தேவையில்லாத ஊசியை நாங்கள் போடுவதில்லை. போட்டால் கூட்டம் நாளைக்கே இரட்டிப்பாகும், எனக்குத் தெரியும். அந்த வருமானம் வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நிர்வாகக் குழுவில் இந்தப் பேச்சு வரக் கூடாது.

மையம் ஒன்று அமைக்க எட்டு லட்சம் ஆகிறது. 35 பேர் என்ற நிலைக்கு வந்த மையம் அதை 20 அல்லது 21 மாதத்தில் திருப்பித் தரும். அந்த நிலைக்கு வர முதல் மையத்துக்கு 14 மாதம் பிடித்தது.

(படம் 4: கேட்கும் தொகை)

நாங்கள் கேட்பது 2 கோடியே 40 லட்சம் ரூபாய். பதிலுக்கு நிறுவனத்தில் 24 விழுக்காடு பங்கு. இதை வைத்து 24 மாதத்தில் முதுகுளத்தூர், கடலாடி, கமுதி வட்டாரங்களில் 12 புதிய மையங்கள் திறப்போம். அமைப்புச் செலவு 96 லட்சம். கூட்டம் சேரும் வரை மையங்கள் தாக்குப்பிடிக்க 60 லட்சம். மருத்துவர் குழு, செவிலியர் பயிற்சி, நோயாளிகளின் ஆவணப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு 54 லட்சம். மீதி 30 லட்சம் கையிருப்பு. அதை உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொட மாட்டோம்.

முழுத் தொகையும் ஒரே தடவையில் வேண்டாம். முதல் தவணை ஒரு கோடியே 40 லட்சம், அதில் ஏழு மையங்கள். அவற்றில் குறைந்தது நான்கு மையங்கள் நாளுக்கு 22 பேரைத் தாண்டினால் மட்டும் மீதி ஒரு கோடி. தாண்டாவிட்டால் இரண்டாம் தவணை கிடையாது, விரிவாக்கமும் நிற்கும்.

இதில் எனக்கே உள்ள பயம் ஒன்று: செவிலியர்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவரை நகரத்து மருத்துவமனை அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். அதனால் உள்ளூர்ப் பெண்களையே தேடி எடுக்கிறோம், மையத்தின் மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்கே தருகிறோம். மேலே சொன்ன மிச்சம் இந்தப் பங்கைக் கழிக்கும் முன் உள்ள கணக்கு. கழித்த பிறகு முதலைத் திருப்ப ஓரிரு மாதம் கூடும்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு முதல் மையத்துக்கு வாருங்கள், முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கணக்குப் புத்தகம் மருந்தாளுநர் மேசையில் இருக்கும். இந்த மாத இறுதிக்குள் உங்கள் பதில் கிடைத்தால், முதல் நான்கு மையங்களுக்கு நாங்கள் பேசி வைத்திருக்கும் வாடகைக் கட்டடங்களுக்கு முன்பணம் கொடுத்துவிடுவோம். இனி உங்கள் கேள்விகள்.