நன்றியுரை: திருத்திய படி

(மேடையில் இருப்போரின் பெயர்களை வரவேற்புரையில் ஒருமுறை வாசித்தாயிற்று, அதனால் இங்கே அந்த வரிசையை எடுத்துவிட்டேன். “பொன்னான நேரத்தை ஒதுக்கி” என்ற வரியும் போய்விட்டது. அதை யாருக்கும் சொல்லலாம். நிதானமாக வாசித்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். நன்றிக்குரியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.)

அவையோருக்கு வணக்கம்.

தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். சித்தூர் தாலுகாவில் இந்தக் கணக்கைக் கேட்காதவர் குறைவு. அதை அளப்பது எப்படி என்று விளக்கியவர், ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஐயா. அளவுகோலில் தெரிவது நீரின் உயரம் மட்டுமே, வினாடிக்கு எத்தனை கன அடி என்று சொல்ல அதற்கென்று தனி அட்டவணை வேண்டும் என்பதைக் கரும்பலகையில் போட்டே காட்டினார். மதிய விவாதம் முழுவதும் அந்தப் படத்தைச் சுற்றித்தான் நடந்தது. ஐயா, மிக்க நன்றி.

மூலத்தறை ரெகுலேட்டரில் தண்ணீர் திறந்த தேதியும் தன் வயலுக்கு நீர் வந்த தேதியும் ஒன்றல்ல என்று நாட்குறிப்போடு வந்து காட்டிய கடைமடை விவசாயி அண்ணனுக்கு நன்றி. கட்டுரையாளர் உடனே தம் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்க்க ஒப்புக்கொண்டார். கேட்டுத் திருத்திக்கொண்ட அந்தப் பெருந்தன்மைக்கு அவருக்கும் நன்றி.

மலையாளத்தில் பேசியதைத் தமிழிலும், தமிழில் பேசியதை மலையாளத்திலும் காலை முதல் சொல்லிவந்தவர் நம் முதுகலை மாணவி. எண் வரும்போதெல்லாம் பேச்சாளரை நிறுத்தி, பலகையில் எழுதிவிட்டுத்தான் மேலே போனார். டி.எம்.சி.யும் கன அடியும் குழம்பாமல் இருந்தது அவரால்தான்.

பதினோரு மணிக்கு மின்சாரம் போனபோது, கேட்காமலேயே ஜெனரேட்டரை ஓடவிட்ட ஒலிபெருக்கித் தம்பிக்கும், சமைத்துப் பரிமாறி, பாத்திரமும் கழுவி வைத்த குடும்பஸ்ரீ அக்காமாருக்கும், ஒரு கைதட்டல் கொடுப்போம்.

(கைதட்டல் ஓயும் வரை அடுத்த வரியைத் தொடங்க வேண்டாம்.)

தலைமையேற்ற கல்லூரி முதல்வர் அவர்கள் ஒவ்வொரு அமர்விலும் கேள்விக்குப் பத்து நிமிடம் விட்டே ஆக வேண்டும் என்று நின்றார்; நிகழ்ச்சியை உரிய நேரத்தில் நிறைவும் செய்தார். அவருக்கு எங்கள் நன்றி.

கட்டுரைப் படிகள் வாசலருகே மேசையில் உள்ளன. பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நன்றி, வணக்கம்.