வாடிக்கையாளருக்கு எழுதும்போது: நம் குரல் விதிகள்

நம் கோவை முதலீட்டு ஆலோசனை அலுவலகத்திலிருந்து போகும் கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும்.

கேள்விக்கான பதில் முதல் வரியில் இருக்க வேண்டும். பணம் எப்போது வரும் என்று கேட்டால் முதலில் தேதி, அப்புறம் காரணம்.

சதவீதத்தோடு ரூபாயையும் எழுதுங்கள். "8% குறைந்துள்ளது" என்று நிறுத்தாமல், "நீங்கள் போட்ட 5,00,000 ரூபாய் இன்று 4,60,000 ரூபாய்" என்று சொல்லுங்கள்.

சந்தை இறங்கும் நாளில்தான் நம் குரல் முக்கியம். சந்தை அபாய எச்சரிக்கை வரி இருக்கட்டும்; அதையே பதிலாக அனுப்பாதீர்கள். இப்படி எழுதலாம்: "மகளின் படிப்புக்கு இந்தப் பணம் 2034-ல்தான் தேவை. எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பேச விரும்பினால் இன்று மாலை நானே அழைக்கிறேன் சார்." கீழே உங்கள் பெயர் வேண்டும், "ஆலோசனைக் குழு" வேண்டாம்.

"கவலைப்படாதீர்கள்" என்று எழுதக் கூடாது. அவர் கவலைப்படுவது அவருடைய உழைப்பின் பணத்துக்காக. "நிச்சய லாபம்" என்பதை செபி விதிகளும் அனுமதிப்பதில்லை.

குடும்பத்தில் இறப்பு என்றால் வருத்தம் ஒரு வரி, அடுத்து நாமினிக்கு நாம் செய்து தரும் வேலைகள். அந்தக் கடிதத்தில் எந்தப் புதிய திட்டத்தையும் சொல்லக் கூடாது.